அறுபது பிள்ளைகள், ஒரு மைதானம், நாற்பது நிமிடம்

பெங்களூரு பிரேசர் டவுனில், மசூதித் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பி.டி. அறைக்குள் எட்டிப் பார்க்க இடம் கிடைத்தது. ஐயோ, அந்த அறை! காற்றில்லாத பந்துகள், விசில் கொத்து, சுண்ணாம்புப் பொடி வாளி. நடுவில் பி.டி. மிஸ், முட்டிமேல் நோட்டை வைத்து அடுத்த வகுப்புக்கான பாடத் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். ஏழாம் வகுப்பு, அறுபது பேர், பாடம் கோ-கோ.

முதல் வேலை கணக்கு. கோ-கோவில் துரத்தும் அணியில் களத்தில் ஒன்பது பேர், ஓடுபவர்கள் மூன்று மூன்றாகத்தான் உள்ளே வருவார்கள். ஒரே ஆட்டம் போட்டால் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள், நாற்பத்தெட்டு பேர் ஓரமாக உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள்! பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்கவென்று எழுந்த பேட்டை இது. மைதானம் மட்டும் எப்படியோ கைக்குட்டை அளவாகிவிட்டது. எனவே பத்துப் பத்துப் பேராக ஆறு குழு. நேரத்தையும் வெட்டிவைக்கிறார்: வரிசையும் வருகையும் மூன்று, வார்ம்-அப் ஏழு, பயிற்சி பத்து, ஆட்டம் பதின்மூன்று, தளர்த்தல் ஏழு.

குறிக்கோள் பகுதியில் முதலில் ‘உடல்நலம் மேம்படும்’ என்று எழுதினார். உடனே அடித்தார். “நாற்பது நிமிஷத்துல மேம்பட்டுச்சான்னு எதை வெச்சுப் பாக்கிறது?” பதிலுக்கு வந்தது இது: ஒவ்வொரு குழுவிலும் பத்தில் எட்டுப் பேர் தப்பில்லாமல் கோ கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்க்கலாம், பொய் சொல்ல முடியாது!

மணி அடித்தது. வார்ம்-அப்பில் மைதானத்தைச் சுற்றும் ஓட்டம் கிடையாது. குழுக்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைக்குள் வளைந்து வளைந்து ஓட்டம், பிறகு குந்தி எழுதல், கணுக்காலும் இடுப்பும் சுழற்றல். கோ-கோவில் செய்யப்போகும் அசைவுகளையே மெதுவாகச் செய்து பழகுகிறார்கள். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பக்கத்துப் பெண்ணோடு பேச முடிய வேண்டும். மிஸ் அதைக் காதாலேயே அளக்கிறார். (பேச்சுக்கு அங்கே பஞ்சமே இல்லை!)

இனிதான் கூத்து. ஒன்பது பேர் வரிசையாக, ஒருத்தி கிழக்கே, அடுத்தவள் மேற்கே பார்த்துக் குந்துகிறார்கள். பத்தாமவள் மேற்குப் பக்கம் நின்று, கிழக்கே பார்ப்பவளின் முதுகைத் தொட்டு “கோ!” என்று அவள் இடத்தில் உட்காருகிறாள். எழுந்தவள் தான் பார்த்த பக்கமே, கிழக்கே, இறங்குகிறாள். அங்கிருந்து பார்த்தால் அடுத்தவளின் முதுகு தயாராக இருக்கிறது. தொடு, கோ, உட்கார். ஒன்பது கோவில் வரிசை முடிந்துவிடுகிறது, ஒருத்திகூடச் சும்மா இல்லை! ஆறு வரிசையிலும் ஒரே நேரத்தில் கோ வெடிக்கும்போது எனக்கே ஓடத் தோன்றியது.

தப்புகளும் பளிச்சென்று தெரிகின்றன. தொடுவதும் சொல்வதும் ஒன்றாக வர வேண்டும். சிலர் தொடும் முன்பே கத்துகிறார்கள், சிலர் கோ கேட்கும் முன்பே துள்ளி எழுகிறார்கள். “மிஸ், இவ தள்ளுறா மிஸ்!” என்ற புகார் வந்த வரிசையில் முன்னால் இருப்பவளின் உள்ளங்கையில் மண் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்தே மிஸ் கண்டுபிடிக்கிறார். “தட்டணும்மா, தள்ளக் கூடாது.” ரொம்ப நேரம் குந்தினால் கால் மரத்துவிடும் என்பதால் இரண்டு நிமிடத்துக்கொரு தடவை எழுப்பி உதறவிடுகிறார். மைதானத்தில் பாதி சிமென்ட், அதனால் பாய்ந்து தொடுவது இன்றைக்குக் கிடையாது.

ஆட்டத்துக்கு இரண்டிரண்டு குழு சேர்ந்து மூன்று களம். துரத்தும் பத்துப் பேரில் ஒன்பது பேர் களத்தில், ஒருத்தி புள்ளி எழுதுகிறாள். மூன்று பேர் ஓட, காத்திருக்கும் ஏழு பேருக்கு எதிரணியின் தப்பை எண்ணும் வேலை. வாய் மூடாத ஏழு நடுவர்கள்! 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்திய ஆண்களும் பெண்களும் வென்றார்கள் அல்லவா? அந்த அணிகளில் கர்நாடகத்தவரும் உண்டு. ஒருத்தி ஓடும்போது “நான் இந்தியா!” என்றே கத்தினாள்.

தளர்த்தல்தான் எல்லாப் பள்ளியிலும் மணிக்கு இரையாகும் பகுதி. மிஸ்ஸிடம் ஒரு தந்திரம்: வகுப்புக்குத் திரும்பும் வரிசையை முன்பே நிற்கவைத்து, அந்த வரிசையிலேயே மெதுநடை, பிறகு தொடையும் கெண்டைக்காலும் இழுத்து இருபது எண்ணும் வரை அசையாமல். குதித்துக் குதித்து இழுத்தால் விசில். கூடவே தலை எண்ணிக்கை: அறுபது, சரி.

பிள்ளைகள் போனதும் நோட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: ‘நான்காம் குழுவில் ஐந்து பேர்தான் தேறினர். எழுந்ததும் எந்தப் பக்கம் இறங்குவது என்பதில் குழப்பம். அடுத்த பீரியட் இரு பக்கமும் சுண்ணாம்பில் அம்புக்குறி.’