வேட்டி வெள்ளையாகவே இருக்கட்டும்

ஒரு அறுபதாம் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் மொட்டை மாடி நிழலில் எடுத்த குடும்பப் படத்தில் எல்லார் முகத்திலும் லேசாக நீலம் படிந்திருக்கும். அதே குடும்பம் மண்டபத்தின் மஞ்சள் விளக்கின் கீழ் நின்றால் மாம்பழ நிறம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தோன்றும். போட்டோ புக்கில் எதிரெதிர் பக்கங்களில் அச்சாகி வந்த பிறகுதான் தாத்தாவுக்கு இரண்டு நிறம் இருப்பது கண்ணை உறுத்தும்.

இரண்டு படத்துக்கும் ஒரே 'வார்ம்' ஃபில்டரைப் போட்டால் இது தீராது. நீலம் கொஞ்சம் குறையும், மஞ்சள் இன்னும் ஏறும், இடைவெளி அப்படியே நிற்கும். முதலில் ஒவ்வொரு படத்திலும் வெள்ளையை வெள்ளையாக்க வேண்டும். கதகதப்பு அதற்குப் பிறகு.

லைட்ரூமில் அதற்கென்று ஒரு சொட்டுக்குழாய்க் கருவி உண்டு. அதைத் தாத்தாவின் வேட்டியில் வைக்கலாம். வெளிச்சம் அடித்து வெளுத்துப்போன இடத்தில் நிறத் தகவல் மிஞ்சியிருக்காது என்பதால், மடிப்பு ஓரத்தின் மெல்லிய சாம்பல் நிழலில் வைப்பதே நல்லது. சலவைப் பொடியில் கலந்திருக்கும் வெண்மையூட்டிகள் பகல் வெளிச்சத்தில் துணியை நீலமாக மினுக்கும். அந்த நீலத்தைக் கழிக்கப்போய் மென்பொருள் படத்தை அளவுக்கு மீறி மஞ்சளாக்கிவிடும். அப்படித் தெரிந்தால் Temp அளவைச் சற்றுக் குறையுங்கள். டியூப்லைட்டால் முகத்தில் பச்சை தட்டினால் Tint-ஐ மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள்.

இனி கதகதப்பு. மாடிப் படம் 6800-இலும் மண்டபப் படம் 3200-இலும் வந்து நின்றதாக வைத்துக்கொள்வோம். ரா கோப்பில் இவை கெல்வின் எண்கள். மாடிப் படத்தில் 400 கூட்டினால் முகத்தில் இளவெயில் பட்டதுபோல் இருக்கும். அதே மாற்றத்துக்கு மண்டபப் படத்தில் 80 கூட்டினாலே போதும். கெல்வின் எண் குறையக் குறைய ஒவ்வொரு படியின் வீரியமும் கூடுகிறது. ஆகவே எண்ணைப் பிரதி எடுக்காமல், இரண்டு படத்தையும் அருகருகே வைத்து, ஒரே ஆளின் கன்னத்தை ஒப்பிட்டு நகர்த்துங்கள். வேட்டியும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தால் எல்லை தாண்டியாயிற்று. கையோடு முகத்தைச் 'சிவப்பாக்கி'த் தரும் வேலை சில ஸ்டூடியோக்களில் இன்னும் நடக்கிறது. மாநிறத் தோல் அதில் சாம்பல் பூத்துப்போகும், அது வேண்டவே வேண்டாம்.

அச்சுக்கு அனுப்பும் முன் திரையின் இரவு வண்ண வசதியை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து ஒருமுறை பாருங்கள். பளிச்சென்ற திரையில் பார்த்த படம் தாளில் இருண்டுதான் வரும். ஸ்டூடியோவில் இரண்டு படத்தையும் ஒரே 4x6 தாளில் சோதனைப் பிரதி போட்டு வாங்கி, பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். முகம் இருண்டிருந்தால் Exposure-இல் 0.2 அல்லது 0.3 ஏற்றினால் போதும், Temp-ஐத் தொட வேண்டாம்.