ஒரே இரும்பு, ஏழு மடங்கு வலிமை

இரு முனைகளிலும் தாங்கி நிறுத்தப்பட்ட உத்திரத்தின் நடுவில் சுமை ஏறினால் அது கீழ்நோக்கி வளைகிறது. மேல்பக்க இழைகள் அமுங்கிக் குறுகுகின்றன, அடிப்பக்க இழைகள் இழுபட்டு நீள்கின்றன. இடையில் குறுகவும் செய்யாமல் நீளவும் செய்யாமல் ஓர் அடுக்கு இருக்கிறது. அதுவே நடுநிலை அச்சு. அந்த அச்சிலிருந்து மேலோ கீழோ விலக விலகத் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழும் விசை, சீராகக் கூடி விளிம்பில் உச்சத்தை எட்டுகிறது. உத்திரம் தோற்பதும் பெரும்பாலும் அந்த விளிம்பிலிருந்துதான் தொடங்கும்.

இந்தத் தகைவைக் கணக்கிடும் சூத்திரம் சிறியது:

σ = M y / I

M என்பது சுமை உண்டாக்கும் வளைவுத் திருப்புத்திறன். நீளம் L உள்ள உத்திரத்தின் நட்டநடுவில் P என்ற சுமை இருந்தால் அதன் உச்ச அளவு PL/4. y என்பது நடுநிலை அச்சிலிருந்து உள்ள தூரம். I என்பது வெட்டுமுகத்தின் ஒவ்வொரு சிறு பரப்பையும் அச்சிலிருந்து அதற்குள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது. சூட்சுமம் முழுவதும் அந்த வர்க்கத்தில் இருக்கிறது: அச்சிலிருந்து இரு மடங்கு தள்ளி நிற்கும் பரப்பு I-க்கு நான்கு மடங்கு சேர்க்கிறது.

விளிம்புத் தகைவுதான் முக்கியம் என்பதால் I-ஐ விளிம்பின் தூரத்தால் வகுத்து Z என்று வைத்துக்கொள்வது வழக்கம். அகலம் b, உயரம் h உள்ள செவ்வகத்துக்கு Z = bh²/6. இதே கணக்கை 1638-இல் வெளியான நூலில் கலிலியோ முயன்றார். உயரத்தின் வர்க்கம் வரும் என்பதைச் சரியாகப் பிடித்தவர், தகைவு முழு வெட்டுமுகத்திலும் ஒரே அளவில் இருப்பதாகக் கொண்டதால் உண்மையைப் போல மூன்று மடங்கு விடை பெற்றார். சுவரில் ஒரு முனை பதிந்த உத்திரத்தை அவர் ஆராய்ந்தார். அது கீழ் விளிம்பைப் பற்றித் திரும்புவதாக நினைத்தார். நடுநிலை அச்சு அவர் கணக்கில் இல்லை.

இந்தியச் சந்தையில் கிடைக்கும் ISMB 200 என்ற ஐ பீமை எடுத்துக்கொள்ளலாம். உயரம் 200 மி.மீ., அகலம் 100 மி.மீ., வெட்டுமுகப் பரப்பு சுமார் 32.3 சதுர செ.மீ., Z சுமார் 223 கன செ.மீ. இதே பரப்புள்ள சதுரக் கம்பியின் பக்கம் ஏறத்தாழ 57 மி.மீ. வரும். அதன் Z வெறும் 30.6 கன செ.மீ. எடை ஒன்றுதான், விலையும் கிட்டத்தட்ட அதே. ஆனால் வளைவைத் தாங்கும் வலிமையில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

4 மீட்டர் இடைவெளி, சாதாரணக் கட்டுமான இரும்பு, அனுமதிக்கும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 165 நியூட்டன் என்று கொள்வோம். உத்திரத்தின் சொந்த எடையைக் கழித்தபின் ஐ பீம் நடுவில் சுமார் 3.7 டன் தாங்கும். சதுரக் கம்பி அரை டன்னைக்கூட எட்டாது.

காரணம் இரும்பு எங்கே இருக்கிறது என்பதில் உள்ளது. ஐ பீமின் மேலும் கீழும் உள்ள ஃபிளாஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு இருக்கிறது. I-இல் 85 விழுக்காட்டுக்கு மேல் அவற்றின் பங்கு. நடுவே நிற்கும் மெல்லிய வெப் மூன்றில் ஒரு பங்கு இரும்பை வைத்துக்கொண்டு எட்டில் ஒரு பங்கு மட்டுமே தருகிறது. இதே பீமைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் Z சுமார் 30 கன செ.மீ.க்குச் சரிந்து, சதுரக் கம்பியின் நிலைக்கே வந்துவிடும்.

அப்படியானால் வெப்பை இன்னும் மெலிதாக்கி உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். சூத்திரம் அதைத் தடுக்காது, இரும்பு தடுக்கும். மெல்லிய வெப் சுமை விழும் இடத்தில் நெளிந்துவிடும். அமுங்கும் மேல் ஃபிளாஞ்சைப் பக்கவாட்டில் எதுவும் பிடித்திராவிட்டால் அது ஒருபுறம் விலகி, பீமே முறுக்கிக்கொண்டு சாயும். மேலே சொன்ன 3.7 டன், ஃபிளாஞ்ச் அசையாமல் பிடிக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும். முனையில் நின்று மேல் விளிம்பை நீளவாக்கில் கண்ணோட்டமிட்டால் இந்த விலகல் வில்போலத் தெரியும். தகைவு இரும்பின் மீள்திறன் எல்லைக்குள் இருக்கும்வரைதான் சூத்திரமும் செல்லும்.

குழாய் போக வழி வேண்டுமென்று கட்டுமான இடத்தில் பீமை வெட்டுவதும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதே. இடைவெளியின் நடுப்பகுதியில், வெப்பின் பாதி உயரத்தில் சிறு துளையிட்டால் வளைவு வலிமை அதிகம் குறையாது. முனைகளை நெருங்கிய இடத்தில் அந்தச் சலுகை இல்லை, அங்கே வெட்டுவிசையை வெப்தான் சுமக்கிறது. நடுப்பகுதியில் ஃபிளாஞ்சை வெட்டவே கூடாது.