உதட்டில் கொப்புளம், வீட்டில் பச்சிளம் குழந்தை: காய்ச்சல் புண் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

உதட்டின் ஓரத்தில், பெரும்பாலும் ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், திடீரென்று ஒரு குறுகுறுப்பு. கொஞ்சம் எரிவு, கொஞ்சம் கடி. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் அந்த இடம் சிவந்து தடித்திருக்கும். அதன் பிறகு குண்டூசித் தலை அளவில் நீர் நிறைந்த கொப்புளங்கள் கூட்டமாக எழும்பும். எங்கள் ஊர்களில் சிலர் இதை உட்காய்ச்சல் வெளியே வந்தது என்பார்கள். வேறு சிலர் பூச்சி கடித்தது, பல்லி எச்சம் பட்டது என்பார்கள். காய்ச்சலோடு சேர்ந்து வருவதால் காய்ச்சல் புண் என்ற பெயரும் உண்டு.

பூச்சிக்கும் பல்லிக்கும் இதில் பங்கில்லை. இதற்குக் காரணம் ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற வைரஸ். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது.

ஹேர்பிஸ் என்ற சொல்லைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்ப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பாலியல் நோய் பற்றிய பக்கங்கள்தான். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சந்தேகமும் சண்டையும் வருவதுண்டு. உதட்டில் வரும் இந்தப் புண்ணை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இந்த வைரஸ் சிறுவயதிலேயே, பெற்றோரோ உறவினரோ கொஞ்சியபோது, எச்சில் வழியாகத் தொற்றியது. புண் இருக்கும்போது வாய்வழிப் பாலுறவால் பிறப்புறுப்புக்கும் பரவலாம் என்பது உண்மை. ஆகவே அந்த நாட்களில் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒருமுறை உடலுக்குள் வந்த வைரஸ் திரும்பிப் போவதில்லை. முகத்துக்கு உணர்வைக் கொடுக்கும் நரம்பு வழியாக மேலேறி, காதுக்கு அண்மையில் மண்டையோட்டுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடக்கும். வேறு காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், நித்திரையின்மை, மன அழுத்தம் போன்ற ஏதாவது ஒன்று உடலைத் தளர்த்தும்போது அதே நரம்பு வழியாக இறங்கி வரும். அதனால்தான் புண் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருகிறது. நாள் முழுவதும் வயலிலோ கடலிலோ வெயிலில் நிற்பவர்களுக்கும், இரவில் நித்திரை வராமல் பழைய நினைவுகளோடு படுத்திருப்பவர்களுக்கும் இது அடிக்கடி தலைகாட்டுவதில் வியப்பில்லை. வெயில்தான் காரணம் என்று கண்டுகொண்டவர்களுக்கு அகலமான தொப்பியும், சூரிய ஒளியைத் தடுக்கும் உதட்டுப் பூச்சும் உதவும்.

இது ஆபத்தாக மாறும் இடம் வேறு. அதை விளங்கிக்கொள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். வீட்டில் பிறந்து 9 நாளான ஒரு பெண்குழந்தை, 3 வயதில் அண்ணன். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அம்மம்மா மன்னாரில் இருந்து வந்திருக்கிறார். இரவில் நித்திரை இல்லை, பகலில் வெயிலில் உடுப்புத் துவைப்பு. திங்கட்கிழமை மாலை அவருடைய மேலுதட்டில் குறுகுறுப்புத் தொடங்குகிறது.

தொற்று அந்த நேரமே தொடங்கிவிட்டது. கொப்புளம் தெரிய முன்னரே அந்த இடத்தில் வைரஸ் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை தடிப்பு, மாலையில் கொப்புளங்கள். வியாழன் அளவில் அவை உடைந்து நீர் கசியும். மிக அதிகமாகத் தொற்றும் கட்டம் இதுதான். வெள்ளி, சனியில் தேன் நிறத்திலோ மண்ணிறத்திலோ பொருக்குக் கட்டும். சிரித்தாலும் கொட்டாவி விட்டாலும் அது வெடித்து இரத்தம் கசியலாம். அடுத்த புதன், வியாழன் அளவில், அதாவது 10 நாட்களுக்குள், பொருக்கு தானாக விழுந்து கீழே புதுத்தோல் தெரியும். பெரும்பாலும் தழும்பு இருக்காது. பொருக்கைக் கிள்ளினால் மட்டும் கணக்குப் பிழைக்கும்.

இந்த நாட்களில் அம்மம்மா தனக்குச் செய்யக்கூடியவை சில. அசைக்ளோவிர் 5 வீதக் களிம்பைக் குறுகுறுப்புத் தொடங்கிய உடனேயே பூசத் தொடங்க வேண்டும். நாளுக்கு 5 தடவை, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 4 அல்லது 5 நாட்கள். தேய்க்கக்கூடாது, ஒற்றிப் பூச வேண்டும். பூச முன்னும் பின்னும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இதனால் கிடைக்கும் பலன் பெரிதல்ல. புண் ஒரு நாள் அளவில் முன்னதாக ஆறும், அவ்வளவுதான். கொப்புளம் உடைந்த பின் பூசுவதில் பயன் மிகக் குறைவு. அடிக்கடி அல்லது கடுமையாக வருபவர்களுக்கு மருத்துவர் மாத்திரை தருவார்.

எரிவுக்கு, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, சில நிமிடங்கள் ஒற்றி வைத்திருந்தால் சுகமாக இருக்கும். அந்தத் துணியை வேறு யாரும் தொடாமல் துவைக்கப் போட வேண்டும். பொருக்கு வெடிக்காமல் இருக்க வாசலீன் பூசலாம். விரலைப் போத்தலுக்குள் விடாமல் பஞ்சு சுற்றிய குச்சியால் எடுக்க வேண்டும். நோவுக்குப் பரசிட்டமோல் போதும். தேசிக்காய், ஊறுகாய், உறைப்பான குழம்பு என்பன புண்ணில் பட்டால் சுள்ளென்று எரியும். ஒரு கிழமைக்கு அவற்றைத் தள்ளி வைக்கலாம்.

சுண்ணாம்பு, பற்பசை போன்றவற்றைப் பூசுவது தோலை இன்னும் புண்ணாக்கும். அதைவிட மோசமானது, முன்பு சொறிக்கு வாங்கி வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீரொயிட் களிம்பைப் பூசுவது. வீக்கம் முதலில் குறைவதுபோல் தெரியும், ஆனால் வைரஸ் பெருக அது வழிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைக்கும் இதில் வேலையில்லை.

இனிக் குழந்தை. முதல் 4 கிழமைகளில் குழந்தையின் உடலுக்கு இந்த வைரஸை ஓரிடத்தில் மறித்து வைக்கும் பலம் இல்லை. பெரியவருக்கு உதட்டில் நின்றுவிடுவது, குழந்தைக்கு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். உயிரைப் பறிக்கலாம், பிழைத்தாலும் மூளையில் பாதிப்பை விட்டுச் செல்லலாம். இது அரிதானது. அப்படி நடக்கும் தொற்றுகளிலும் பெரும்பாலானவை பிரசவத்தின்போது தாயின் பிறப்புப் பாதையில் இருந்து வருபவை. ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒன்று பிறந்த பிறகு, யாரோ ஒருவரின் முத்தத்தாலோ கையாலோ வருவது. அந்தப் பங்கை வீட்டுக்குள்ளேயே தடுக்க முடியும்.

தாய்க்கு இந்த வைரஸ் முன்பே இருந்திருந்தால், அவருடைய பிறபொருளெதிரிகள் கர்ப்பத்தின்போதே குழந்தைக்குப் போய் ஓரளவு காப்பாக நிற்கும். தாய்க்கு ஒருபோதும் தொற்றியிராவிட்டால் அந்தக் காப்பு குழந்தைக்கு இல்லை. தாய்க்கு இருக்கிறதா இல்லையா என்பது பொதுவாக யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாக் குழந்தைக்கும் ஒரே விதிதான்.

நாங்கள் எண்ணிய வீட்டில், திங்கள் மாலையில் இருந்து பொருக்கு விழுந்து புதுத்தோல் மூடும் வரை அம்மம்மா குழந்தையைக் கொஞ்சக்கூடாது. நெற்றியிலும் கூடாது, கையிலும் கூடாது. குழந்தை அந்தக் கையைத்தான் வாய்க்குள் வைக்கும். குளிப்பாட்டிய பின் மூக்கிலும் காதிலும் வாயால் ஊதும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. புண் இல்லாத நாட்களிலும் அது தேவையில்லாதது, இந்த நாட்களில் அறவே கூடாது. முடிந்தால் குளிப்பாட்டலை அந்தப் 10 நாட்களுக்கு வேறொருவரிடம் விடலாம். சமையலும் துவையலும் அம்மம்மாவின் பங்காகட்டும். தூக்கத்தான் வேண்டும் என்றால் புண்ணை முகக்கவசத்தால் மூடி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின் தூக்கலாம். வந்த இடத்தில் பேரப்பிள்ளையைக் கொஞ்சாதே என்று அம்மாவிடம் மகள் சொல்வது எளிதல்ல. அதைக் குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது அவர் வாயால் சொல்லச் சொன்னால் மனவருத்தம் குறையும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வரும் உறவினர்களில் யாருக்காவது உதட்டில் புண் இருந்தாலும் இதே விதிதான். அவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம்.

புண் வந்தது தாய்க்கே என்றால் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. பாலில் இந்த வைரஸ் பரவுவதில்லை. கை கழுவி, வாயை மூடி, கொஞ்சாமல் பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தில் கொடுக்காமல், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தெரியாமல் ஏற்கனவே கொஞ்சிவிட்டால்? பதறத் தேவையில்லை, ஆனால் அடுத்த சில கிழமைகள் குழந்தையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழும்பாமல் துவண்டு கிடத்தல், நிறுத்தாத சிணுங்கல், காய்ச்சல் அல்லது உடல் வழமைக்கு மாறாகக் குளிர்தல், தோலிலோ கண்ணோரத்திலோ வாயிலோ கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொப்புளம் வரும்வரை காத்திருக்கக்கூடாது, சில குழந்தைகளுக்கு அது வருவதே இல்லை. வலிப்பு, மூச்செடுக்கச் சிரமம், நாக்கு அல்லது உடல் நீலம் பாரித்தல் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் 'வீட்டில் ஒருவருக்கு உதட்டில் கொப்புளம் இருந்தது, அவர் குழந்தையைக் கொஞ்சினார்' என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் மருத்துவரின் யோசனையைச் சரியான பக்கம் திருப்பும். அசைக்ளோவிரை நாளத்தினூடாக 14 முதல் 21 நாட்கள் வரை ஏற்றுவார்கள். அது எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

3 வயது அண்ணனுக்கு உயிராபத்து அநேகமாக இல்லை. ஆனால் முதன்முறை தொற்றும்போது சிறுபிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சலோடு முரசு வீங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, எச்சில் ஒழுகும். பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காது. ஆபத்து அந்த வரட்சியில்தான். 8 மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். தொற்றிய பிள்ளையின் எச்சிலில் வைரஸ் இருப்பதால் அவனும் தங்கச்சியைக் கொஞ்சக்கூடாது. ஆகவே அம்மம்மா தான் குடித்த தேநீர்க் கோப்பையில் பேரனுக்குக் குடிக்கக் கொடுப்பதையும், உணவை வாயில் வைத்துச் சூடு பார்ப்பதையும், ஒரே துவாயில் முகம் துடைப்பதையும் நிறுத்த வேண்டும். கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். தனிக்கோப்பை வைத்து ஒதுக்கத் தேவையில்லை. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் இருப்பதும் முக்கியம். கண் சிவந்து நொந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாய்க்குள்ளே, கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளையாக வரும் சாதாரண வாய்ப்புண் வேறு, அது தொற்றாது. கடைவாய் வெடிப்பும் வேறு. ஆனால் அம்மம்மா வெற்றிலை போடுபவராக இருந்து, உதட்டிலோ வாயிலோ உள்ள புண் 2 கிழமை தாண்டியும் ஆறாமல் இருந்தால், அதைக் காய்ச்சல் புண் என்று விட்டுவிடக்கூடாது. வாய்ப்புற்றுநோயும் நோவில்லாத ஒரு புண்ணாகத் தொடங்கலாம். அதை அரச ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்டலாம்.