கடதாசித் துண்டால் அளக்கும் தூரம்

புவியியல் வினாத்தாளில் வரும் 1:50,000 அளவுத்திட்டமுள்ள தேசப்படத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். ஆகவே 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றராகும். இதை நினைவில் வைத்தால் அளந்த நீளத்தை இரண்டால் வகுத்தாலே விடை கிடைத்துவிடும்.

"பாடசாலையிலிருந்து வைத்தியசாலைக்கு வீதி வழியாக எவ்வளவு தூரம்?" என்பது வினா என்று வைப்போம். பலர் உடனே அடிமட்டத்தை வைத்து நேர்கோட்டில் அளந்துவிடுவார்கள். 7.2 சென்ரிமீற்றர் வந்தால் விடை 3.6 கிலோமீற்றர். அது காகம் பறக்கும் தூரம். கேட்டதோ வீதித் தூரம். முதலில் குறியீட்டு விளக்கத்தைப் பார்த்து, எந்தக் கோடு வீதி என்று உறுதிசெய்யுங்கள். முறிகோடுகளில் ஒன்று ஒற்றையடிப் பாதையாகவும் இன்னொன்று நிருவாக எல்லையாகவும் இருக்கலாம். எல்லைக்கோட்டின் மேல் நடந்து எந்த நோயாளியும் வைத்தியசாலைக்குப் போவதில்லை!

பிறகு ஒரு கடதாசித் துண்டின் நேரான ஓரத்தைப் பாடசாலையில் வைத்து அந்த இடத்தைக் கடதாசியில் குறியுங்கள். வீதி வளையும் இடம்வரை ஓரத்தைப் பொருத்தி, அங்கே பென்சில் முனையை ஊன்றிக் கடதாசியை அடுத்த வளைவின் பக்கம் திருப்புங்கள். இப்படியே வைத்தியசாலைவரை சென்று கடைசிக் குறியை இடுங்கள். முதற் குறிக்கும் கடைசிக் குறிக்கும் இடையே 9 சென்ரிமீற்றர் இருந்தால் வீதித் தூரம் 4.5 கிலோமீற்றர்.

திசை வினாவில் கவனிக்க வேண்டிய சொல் "இலிருந்து". அது ஒட்டியிருக்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். "பாடசாலையிலிருந்து" என்றால் பாடசாலையில் வடக்குக் கோட்டை வரைந்து, பாகைமானியின் நடுப்புள்ளியை அங்கே வைத்து, வலஞ்சுழியாக அளக்க வேண்டும். 135 பாகை வந்தால் வைத்தியசாலை தென்கிழக்கில் உள்ளது. "வைத்தியசாலையிலிருந்து பாடசாலை" என்று வினா மாறினால் 180 பாகையைக் கூட்டி 315 பாகை, அதாவது வடமேற்கு என்று எழுத வேண்டும். வடக்கு அம்புக்குறியையும் ஒருமுறை பாருங்கள். சில வரைபடங்களில் அது தாளின் மேற்பக்கத்தை நோக்கி இருப்பதில்லை.

பயிற்சித்தாள்களைப் போட்டோப்பிரதி எடுத்துக் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு விடயம். ஏ3 தாளிலுள்ள படத்தை ஏ4 தாளுக்குச் சுருக்கினால் அந்த 9 சென்ரிமீற்றர் வீதி ஏறக்குறைய 6.4 சென்ரிமீற்றராகிவிடும். ஆனால் அச்சிட்ட "1:50,000" மாறாது. அதை நம்பிக் கணக்கிட்டால் 4.5 கிலோமீற்றருக்குப் பதிலாக 3.2 தான் வரும். படத்தின் கீழேயுள்ள கோட்டு அளவுத்திட்டமோ படத்தோடு சேர்ந்தே சுருங்குகிறது. அதில் ஒரு கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றர் இருக்கிறதா என்று அடிமட்டத்தால் பாருங்கள். 1.4 அளவில் இருந்தால் பிரதி சுருங்கியிருக்கிறது. அப்போது வகுத்தலை விட்டுவிட்டு, குறியிட்ட கடதாசித் துண்டை நேரே அந்தக் கோட்டின் மேல் வைத்துத் தூரத்தை வாசிக்கலாம், 4.5 கிலோமீற்றரே வரும்.