8051 டைமர்: வைவாவில் கேட்பதும் சொல்ல வேண்டியதும்

இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051, எட்டு பிட் மைக்ரோகன்ட்ரோலர்களில் இன்றும் கல்லூரி ஆய்வகங்களை விட்டு நீங்காத சிப். அதற்குள் டைமர் 0, டைமர் 1 என இரண்டு டைமர்கள் உண்டு. இறுதியாண்டு வைவாவில் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி: "எட்டு பிட் சிப்பில் டைமர் மட்டும் எப்படிப் பதினாறு பிட்?"

விடை எளிது. ஒவ்வொரு டைமரும் இரண்டு எட்டு பிட் ரெஜிஸ்டர்களால் ஆனது. டைமர் 0-க்கு TH0, TL0. டைமர் 1-க்கு TH1, TL1. சிப் ஒரு நேரத்தில் ஒரு பாதியை மட்டுமே படிக்கவோ எழுதவோ முடியும். எண்ணிக்கையோ இரண்டையும் சேர்த்து 0 முதல் 65535 வரை ஏறுகிறது.

அடுத்த கேள்வி டைமருக்கும் கவுன்ட்டருக்கும் உள்ள வேறுபாடு. உள்ளே இருக்கும் சுற்று ஒன்றேதான். எதை எண்ணுகிறது என்பதில்தான் வேறுபாடு. டைமராக இருக்கும்போது அது சிப்பின் மெஷின் சைக்கிளை எண்ணும். மூல 8051-இல் ஒரு மெஷின் சைக்கிள் என்பது கிரிஸ்டலின் 12 துடிப்புகள். ஆகவே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் ஒரு எண்ணிக்கை சரியாக ஒரு மைக்ரோ விநாடி. கவுன்ட்டராக இருக்கும்போது P3.4 அல்லது P3.5 பின்னில் வெளியிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணும். "எவ்வளவு வேகம்வரை எண்ணும்?" என்பது இதன் துணைக் கேள்வி. பின் உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு இறங்கியதை உணரச் சிப்புக்கு இரண்டு மெஷின் சைக்கிள் வேண்டும். அதனால் கிரிஸ்டல் வேகத்தில் 24-இல் ஒரு பங்கே எல்லை. 12 மெகாஹெர்ட்ஸில் அது 500 கிலோஹெர்ட்ஸ்.

டைமர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்வது TMOD ரெஜிஸ்டர். அதன் மேல் நான்கு பிட்கள் டைமர் 1-க்கும், கீழ் நான்கு பிட்கள் டைமர் 0-க்கும் உரியவை. ஒவ்வொரு நான்கிலும் GATE, C/T, M1, M0 என்று வரிசை. C/T பூஜ்யமானால் டைமர், ஒன்றானால் கவுன்ட்டர்; M1, M0 இரண்டும் சேர்ந்து மோடைத் தீர்மானிக்கும். டைமரை ஓட்டுவதும் நிறுத்துவதும் TCON ரெஜிஸ்டரின் வேலை. அதில் TR0, TR1 சுவிட்சுகள்; எண்ணிக்கை நிரம்பி வழிந்ததும் ஏறும் ஃபிளாக்குகள் TF0, TF1.

இங்கே தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது: "TR0-ஐத் தனியாக SETB செய்ய முடிகிறது, M0-ஐ ஏன் முடிவதில்லை?" சிறப்பு ரெஜிஸ்டர்களில் முகவரி எட்டால் வகுபடுபவற்றை மட்டுமே பிட் பிட்டாகத் தொட முடியும். TCON-இன் முகவரி 88H, TMOD-இன் முகவரி 89H. எனவே TMOD-ஐ முழு பைட்டாகத்தான் எழுத வேண்டும். ஏற்கெனவே டைமர் 1-ஐ மோட் 2-இல் சீரியல் தொடர்புக்கு அமைத்திருக்கும் புரோகிராமில், பிறகு `MOV TMOD, #01H` என்று எழுதினால் டைமர் 0 சரியாகிவிடும். டைமர் 1 சத்தமில்லாமல் மோட் 0-க்குப் போய்விடும், கணினித் திரையில் குப்பை எழுத்துகள் வரத் தொடங்கும். இரண்டும் தேவையானால் 21H என்று சேர்த்து எழுதுவதே வழி.

பிறகு கணக்கு. "12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 50 மில்லி விநாடி தாமதத்துக்கு என்ன மதிப்பு ஏற்றுவீர்கள்?" 50 மில்லி விநாடி என்பது 50,000 எண்ணிக்கை. டைமர் மேல்நோக்கியே எண்ணுவதால், வழிய இன்னும் 50,000 மீதமிருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். 65536-இலிருந்து 50,000-ஐக் கழித்தால் 15536. பதினாறடிமான எண்ணில் 3CB0H. TH0-இல் 3CH, TL0-இல் B0H. பதினாறு பிட் கொண்ட மோட் 1-க்கு இது பொருந்தும்.

```
       MOV TMOD, #01H
AGAIN: MOV TL0, #0B0H
       MOV TH0, #3CH
       SETB TR0
WAIT:  JNB TF0, WAIT
       CLR TR0
       CLR TF0
       CPL P1.0
       SJMP AGAIN
```

இந்த வரிகளைக் காட்டி, "CLR TF0 விடுபட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பலர் "ஓடாது" என்கிறார்கள். ஓடும், அதுதான் சிக்கல். முதல் 50 மில்லி விநாடி சரியாகக் கழியும். அதன்பின் ஃபிளாக் ஏறியபடியே நிற்பதால் WAIT வரியில் காத்திருப்பே இராது. சுற்று முழுவதும் 11 மைக்ரோ விநாடியில் முடிந்து, P1.0 நாற்பது கிலோஹெர்ட்ஸுக்கும் மேல் மாறிக்கொண்டிருக்கும். அதில் கோத்த எல்.இ.டி. மினுக்காமல் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். மங்கலான எல்.இ.டி.யைக் கண்டதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வரியைத்தான். இன்டரப்ட் முறையில் இந்தத் தொல்லை இல்லை. சேவை நிரலுக்குத் தாவும்போது சிப்பே TF0-ஐ இறக்கிவிடும்.

ஃபிளாக்கைச் சரியாக இறக்கினாலும் தாமதம் துல்லியமாக 50 மில்லி விநாடி ஆகாது. டைமர் வழிந்த பிறகு மறுபடி மதிப்பேற்றி ஓட்டுவதற்குள் பத்துப் பன்னிரண்டு மைக்ரோ விநாடி போய்விடும். ஐம்பதாயிரத்தில் அது பொருட்டல்ல. 100 மைக்ரோ விநாடித் தாமதத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிழை.

மோட் 2 ஏன் என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. அதில் TL மட்டும் எட்டு பிட்டாக எண்ணும். வழிந்த கணமே TH-இல் உள்ள மதிப்பு தானாக TL-க்குள் ஏறும். புரோகிராம் தலையிடாததால் நேரம் நழுவாது. விலை, எண்ணிக்கை 256-க்குள் அடங்க வேண்டும் என்பது. சீரியல் தொடர்பின் பாட் வேகத்தை டைமர் 1 இந்த மோடில்தான் வழக்கமாகத் தருகிறது. 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விநோதக் கிரிஸ்டலும் அதற்காகவே. அதை 12-ஆலும் பின்னர் 32-ஆலும் வகுத்தால் 28,800. அதில் மூன்றில் ஒரு பங்கு சரியாக 9600. எனவே TH1-இல் 256-இலிருந்து 3 கழித்து FDH. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் அதே FDH ஏற்றினால் வேகம் ஏறத்தாழ 10,417 ஆகும். எட்டு விழுக்காட்டுக்கும் மேலான இந்த விலகலில் எழுத்துகள் சிதைந்துபோகும்.

மோட் 0, பழைய 8048-க்கு ஒத்துப்போக வைத்த 13 பிட் டைமர். புதிதாக எழுதுபவருக்குத் தேவைப்படாது. மோட் 3-இல் டைமர் 0 இரண்டு தனி எட்டு பிட் டைமர்களாகப் பிரியும். TH0 பாதி, டைமர் 1-இன் TR1, TF1 இரண்டையும் எடுத்துக்கொள்ளும். அப்போதும் டைமர் 1 பாட் வேகம் தரலாம், ஃபிளாக் மட்டும் அதற்கு இராது.

கடைசியாக, மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லிப் பயனைச் சொல்லத் தவறும் GATE பிட். அது ஒன்றாக இருந்தால் TR0 ஏறியிருப்பது மட்டும் போதாது, INT0 பின்னும் உயர்நிலையில் இருந்தால்தான் டைமர் 0 ஓடும். வெளியிலிருந்து வரும் துடிப்பின் அகலத்தை அளக்க இது கைகொடுக்கும். மோட் 1-இல் TH0, TL0 இரண்டையும் பூஜ்யமாக்கி, பின் தாழ்நிலையில் இருக்கும்போது TR0-ஐ ஏற்றிவிட வேண்டும். துடிப்பு எழும்போது டைமர் தானே ஓடத் தொடங்கும், விழும்போது தானே நிற்கும். பிறகு TR0-ஐ இறக்கி இரு ரெஜிஸ்டர்களையும் படித்தால், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் அந்த எண்ணே மைக்ரோ விநாடியில் துடிப்பின் அகலம். துடிப்பு 65.536 மில்லி விநாடியைத் தொட்டால் எண்ணிக்கை வழிந்து மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே படிக்கும்போது TF0-ஐயும் பார்க்க வேண்டும்.