பால்கனிக் காய்கறிக்குப் பையும் தொட்டியும் மண்ணும் வாங்கும்போது

மாடி வீடுகளில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் பால்கனியில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்திருக்கிறார்கள். செடி வாடினால் எல்லோரும் முதலில் செய்வது இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவதுதான். உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை. காலையிலேயே தலை தொங்கி, விரலை விட்டால் மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது என்று பொருள். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சாவுதான் விரைவாகும்.

நம் பகுதியில் இதற்குப் பெரும்பாலும் மண்ணே காரணம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே போனால் கரிசல். பருத்திக்கு அருமையான அந்த மண், பைக்கு ஆகாது. நனைந்தால் உப்பிக் களியாகிக் காற்றை அடைத்துவிடும். காய்ந்தால் சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விடும். அப்போது ஊற்றிய நீர் ஓரமாகவே ஓடி அடியில் வந்துவிடும். நன்றாக வடிகிறது என்று நினைப்போம். நடுவில் வேர் இருக்கும் இடம் காய்ந்தே கிடக்கும். மலையடிவாரப் பக்கத்துச் செம்மண் பரவாயில்லை. ஆனாலும் அதையும் தனியாக நிரப்பினால் ஓரிரு மாதத்தில் இறுகிவிடும்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது. ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்க வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்திப் பிடித்தால் மீண்டும் சொட்டும். மண்ணும் இப்படித்தான், எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு பட்டை ஈரமாகவே நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் வரும். ஆழமான பையில் வேருக்குக் கீழே அதற்கு இடம் உண்டு. ஆகவே அகலத்தைவிட ஆழத்தைப் பாருங்கள். கீரைக்கும் புதினாவுக்கும் 6 முதல் 8 அங்குலம் போதும். தக்காளி, கத்தரிக்கு 12 அங்குலமாவது வேண்டும்.

பை வாங்கும்போது துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடியில் மட்டும் இருந்தால் தரையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில், அடியிலிருந்து அரை அங்குல உயரத்தில், பென்சில் பருமனில் ஆறேழு துளைகள் நாமே போட்டுக்கொள்ளலாம். பையை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மண் தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை விடும் என்பதால் அழுகல் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் இரண்டு வேளை நீர் கேட்கும், கனமும் அதிகம். மேற்கு பார்த்த பால்கனிக்குக் கறுப்புத் தொட்டி வேண்டாம், வேர் வெந்துவிடும்.

இனி கலவை. 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் மேலே இரண்டு அங்குலம் விட்டால் ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் டப்பாவால் அளந்து 9 டப்பா ஊறிய தென்னை நார்க்கழிவு, 4½ செம்மண், 4½ நன்றாக மட்கிய சாணம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பால்கோவா ஊரில் சாணத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் பச்சைச் சாணம் சூடேறி வேரைக் கருக்கும். கறுத்து, வாடை போய், உதிர்ந்தால்தான் எடுக்க வேண்டும். 2021-22இல் தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தளையில் ஆறு பையும், இரண்டு கிலோ நார்க்கழிவுக் கட்டி ஆறும் இருந்தன. அத்தகைய ஒரு கட்டி ஊறினால் சுமார் 25 லிட்டர் வரும். மேலே சொன்ன கலவைக்கு அது இரண்டு பைக்கும் கூடுதலாகவே போதும்.

ராஜபாளையம் பக்கம் தோப்புகள் நிறைய. கயிறு ஆலையிலிருந்து நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கலாம். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த நீர் கடுந்தேநீர் நிறத்தில் வரும். அது வெளிறும் வரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். பிறகு ஒரு தட்டில் அதைப் பரப்பி வெந்தயம் தூவுங்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் முளைத்தால் பயன்படுத்தலாம்.

நாற்று வைக்கும் முன் ஒரு சோதனை. கலவையை ஒரு நாள் நன்றாக நனைத்து வைத்து, மறுநாள் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மேலே நீர் மறைந்து, சற்று நேரத்தில் துளைகளில் சொட்ட வேண்டும். ஐந்து நிமிடம் குளம்போல் நின்றால் நார்க்கழிவைக் கூட்டி மண்ணைக் குறையுங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாகி, விரல் பட்டதும் உதிர்வதே சரியான பதம்.

போர் தண்ணீர் உப்பாக உள்ள தெருக்களில் மண்மேல் வெள்ளை பூத்தால், மாதம் ஒரு முறை அடியில் நன்றாக வழியும்வரை நல்ல நீர் ஊற்றினால் உப்பு கழுவிப் போகும். சோப்புக் கலக்காத நல்ல நீர் என்பதால் உளூ செய்த நீரையும் சேர்த்துவைத்து ஊற்றலாம். வழியும் நீர் கீழ் வீட்டார் துணியில் சொட்டாமல் பைக்கு அடியில் தட்டு வைத்து, அரை மணி நேரத்தில் அதைக் கொட்டிவிடுங்கள். தட்டில் நீர் நின்றால் துளை போட்டதே வீண், கொசுவும் வரும்.