முதலில் ஓட்டை, பிறகு மேடை

புது வீட்டுச் சமையலறை என்றதும் கிரானைட் என்ன நிறம், அலமாரிக் கதவு என்ன டிசைன், சுவருக்கு எந்த டைல்ஸ் என்றுதான் பேச்சு போகிறது. இவற்றில் எதையும் ஐந்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். எளிதில் மாற்ற முடியாதவை சுவரில் விழும் இரண்டு ஓட்டைகள். ஒன்று சிங்க் தண்ணீர் வெளியே போக, இன்னொன்று சிம்னிப் புகை வெளியே போக. அடுப்பும் சிங்க்கும் எங்கே வரும் என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட்டும் அடித்த பிறகுதான் சிம்னி வாங்கப் போகிறார்கள். அதை மாட்ட வருபவர் புது டைல்ஸில் துளை போடுகிறார். உள்ளே பீம் தட்டுப்பட்டால், பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே குழாயை வளைத்துக் கொண்டுபோகிறார்.

ஒரு சமையலறையை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம். தரைத்தளத் தனி வீடு. தெற்கு வடக்காக 10 அடி, கிழக்கு மேற்காக 8 அடி. கிழக்கு வெளிச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் சந்து. கதவு மேற்குச் சுவரின் தெற்கு ஓரத்தில். சமைப்பவரின் உயரம் 5 அடி 1 அங்குலம்.

சிங்க்கை முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் தானாகத்தான் ஓட வேண்டும். கழிவுக் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் தேவை. சிங்க் கிழக்குச் சுவரில் இருந்தால் குழாய் சுவரைத் தாண்டியதும் சந்தில் உள்ள கல்லி டிராப்பில் விழுந்துவிடும். அதையே மேற்குச் சுவரில் வைத்தால் 8 அடி நீளத்துக்குத் தரைக்கு அடியில் குழாய் ஓட வேண்டும். வாட்டத்துக்கு மட்டுமே 2 அங்குலம் இறங்க வேண்டும், அதற்கு மேல் குழாயின் பருமன் வேறு. தரைத்தளத்தில் எப்படியாவது தோண்டிவிடலாம். அடுக்குமாடியில் கான்கிரீட் தளத்தைத் தோண்ட முடியாது. அங்கே சிங்க்கை இடம் மாற்றியவர்கள் பெரும்பாலும் வாட்டத்தில்தான் சமரசம் செய்திருப்பார்கள். சோற்றுக் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் நின்று நின்று போகிற குழாய் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

சுவரில் விடும் ஓட்டையின் உயரத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மேடை 33 அங்குலம், சிங்க் ஆழம் 8 அங்குலம் என்றால், சிங்க்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 25 அங்குலத்தில் இருக்கும். அதன் கீழே கப்ளிங், அதற்கும் கீழே பாட்டில் டிராப். டிராப்பின் வாய் ஏறத்தாழ 18 அங்குல உயரத்துக்கு வந்துவிடும். ஆகவே சுவர்க் குழாயின் மையம் 15 அல்லது 16 அங்குலத்தில் இருந்தால் நிம்மதி. பிளம்பர் அதை 22 அங்குலத்தில் விட்டுவிட்டால் டிராப்பைப் பொருத்தவே இடமிருக்காது. அப்போது டிராப்பை விட்டுவிட்டு, மடிப்பு மடிப்பான வளையும் குழாயை சிங்க்கிலிருந்து நேராகச் சுவருக்குள் செருகிவிடுவார்கள். அந்த மடிப்புகளில் பிசுக்கு படியும். டிராப்பில் எப்போதும் தேங்கி நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. டிராப் இல்லையென்றால் அந்தத் தடையும் இல்லை. மத்தியானம் சமையலறைக்குள் நுழைந்ததும் நாற்றம் அடிக்கிறது, குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் குறைகிறது என்றால், சிங்க்கைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. குனிந்து கீழே டிராப் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது புகை. அடுப்புக்கும் சிம்னியின் அடிப்பகுதிக்கும் நடுவே 26 முதல் 30 அங்குலம் இடைவெளி இருப்பது வழக்கம். சரியான அளவு சிம்னியோடு வரும் கையேட்டில் இருக்கும். நம் கணக்கில் மேடை 33, அடுப்பு 5, இடைவெளி 28, ஆக சிம்னியின் அடி 66 அங்குலத்தில் வருகிறது. அதன் உடம்பு ஒன்றரை அடி. ஆக டக்ட் குழாய் தொடங்கும் இடம் தரையிலிருந்து 7 அடி. நம் ஊரில் லின்டல் போவதும் 7 அடியில்தான், சமையலறை லாஃப்ட் போடுவதும் அதே 7 அடியில்தான். மூன்றும் ஒரே உயரத்தில் முட்டிக்கொள்வதை வரைபடத்தில் யாரும் கவனிப்பதில்லை.

லின்டலையோ பீமையோ துளைக்கக் கூடாது. அவை வீட்டின் பாரத்தைத் தாங்குபவை. கூரை 10 அடி உயரம், அதற்குக் கீழே பீம் ஓர் அடி என்றால், லின்டல் முடியும் ஏழரை அடிக்கும் பீம் தொடங்கும் 9 அடிக்கும் நடுவே இருக்கும் செங்கல் சுவர்தான் துளைக்கக் கிடைக்கும் இடம். ஓட்டையின் மையத்தை 8 அடியில் வையுங்கள். 6 அங்குல டக்ட்டுக்கு 7 அங்குல ஓட்டை போதும். டக்ட் ஓர் அடி மேலே ஏறி, ஒரே ஒரு முறை திரும்பி, வெளியே போய்விடும். லாஃப்ட்டை இந்தச் சுவரில் போடாமல் மேற்கிலோ வடக்கிலோ போட்டுக்கொள்ளலாம். பூச்சு வேலைக்கு முன்பே 7 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை அந்த இடத்தில் பதித்துவிடச் சொன்னால் கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை.

திருப்பம் ஏன் ஆகாது? ஒவ்வொரு எல்போவிலும் காற்று சுவரில் மோதித் திரும்ப வேண்டும், அதில் இழுவை குறையும். இரண்டு திருப்பம், 6 அல்லது 7 அடி நீளம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டக்ட்டின் அளவையும் எங்கேயும் குறைக்கக் கூடாது. ஓட்டை சின்னதாகிவிட்டது என்று 6 அங்குலக் குழாயை 4 அங்குலத்தில் நுழைத்தால் சத்தம் கூடும், புகை உள்ளேயே சுற்றும். அலுமினிய வளைகுழாயைப் போட்டால் அதை முழுக்க இழுத்து நிமிர்த்தி மாட்ட வேண்டும். நடுவே தொய்ந்தால் அந்தத் தொய்வில் எண்ணெய் சேரும். வெளிமுனைக்கு, காற்று வந்தால் திறந்து நின்றால் மூடிக்கொள்ளும் மூடி வேண்டும். கொசு வராமல் இருக்கட்டும் என்று மெல்லிய வலை கட்டுவது பெரும் தவறு. நம் தாளிப்புக்கு அந்த வலை சில மாதங்களிலேயே பிசுக்கேறி அடைத்துவிடும். அந்த முனை உங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஓட்டைகளும் முடிவானதும் மேடையின் நீளத்தைப் பிரிப்பது எளிது. கிழக்குச் சுவரின் 10 அடியில் தெற்கிலிருந்து ஒன்றரை அடி காலி, 2 அடி அடுப்பு, 3 அடி காய் நறுக்கும் இடம், 2 அடி சிங்க், கடைசி ஒன்றரை அடி கழுவிய பாத்திரம் கவிழ்க்க. வாஸ்து பார்ப்பவர்கள் அடுப்பு தென்கிழக்கில், தண்ணீர் வடகிழக்கில், சமைப்பவர் முகம் கிழக்கில் என்று கேட்பார்கள். வெளிச்சுவர் கிழக்காக அமைந்த வீட்டில் இந்த மூன்றும் குழாய்க் கணக்கோடு மோதாமல் கூடி வருகின்றன. ஜன்னலை நறுக்கும் இடத்துக்கும் சிங்க்குக்கும் நேராக வையுங்கள். அடுப்புக்கு நேரே ஜன்னல் வந்தால் காற்று சுடரையும் அலைக்கும், சிம்னிக்குப் போக வேண்டிய புகையையும் கலைக்கும்.

வேலை முக்கோணம் என்று இன்டீரியர்காரர்கள் சொல்வது, அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் ஆகிய மூன்றுக்கும் நடுவே நடக்கும் தூரத்தை. 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு இது. மூன்று பக்கங்களும் சேர்ந்து 13 அடிக்குக் குறையாமலும் 26 அடியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. நம் எடுத்துக்காட்டில் அடுப்பிலிருந்து சிங்க் 5 அடி. ஃபிரிட்ஜை மேற்குச் சுவரின் வடக்குப் பகுதியில் வைத்தால் சிங்க்கிலிருந்து 4 அடி, அடுப்பிலிருந்து ஆறரை அடி. மொத்தம் பதினைந்தரை. கணக்கு சரியாகவே வருகிறது.

ஆனாலும் நம் சமையலுக்கு இந்த முக்கோணத்தைவிட அந்த நடு 3 அடிதான் முக்கியம் என்பேன். ஃபிரிட்ஜ் ஹாலில் இருந்தாலும் சமையல் நடக்கும். சாம்பாருக்குப் பருப்பு கழுவுவது, காய் அலசுவது, நறுக்குவது, அடுப்பில் போடுவது என்று கை போகும் திசை ஒன்றுதான், சிங்க்கிலிருந்து அடுப்புக்கு. நடுவில் இடம் இல்லையென்றால் நறுக்கியதை எதிர்ப்பக்கம் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அடுப்பை ஒட்டியே சிங்க் இருந்தால் ஆபத்தும் உண்டு. அப்பளம் பொரிக்கும் எண்ணெயில் குழாய்த் தண்ணீர் தெறித்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இடமே இல்லாத சின்னச் சமையலறையிலும் 2 அடிக்குக் குறைக்காதீர்கள்.

கடைசியாக உயரம். கடைக்காரர் சொல்லும் பொது அளவைவிட, தினமும் சமைப்பவரின் முழங்கையே நம்பகமான அளவு. அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். 5 அடி 1 அங்குலம் உள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும். 5 கழித்தால் 33. இது நறுக்கும் இடத்துக்கான உயரம். இதே மேடையில் 5 அங்குல அடுப்பும் அதன்மேல் குக்கரும் ஏறினால், குழம்பைக் கிளற அவர் தோளைத் தூக்க வேண்டிவரும். சிங்க்கிலோ கை வேலை செய்யும் இடம் மேடையைவிட 8 அங்குலம் கீழே, ஆகவே முதுகு குனியும். பாத்திரம் கழுவி முடித்ததும் இடுப்பு வலி, வதக்கி முடித்ததும் தோள் வலி என்றால் காரணம் இதுதான்.

அடுப்பு வரும் பகுதியை மட்டும் 3 அங்குலம் தாழ்த்திக் கட்டுவது நல்ல தீர்வு. சிம்னி அளவையும் அந்த 3 அங்குலம் குறைத்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். மேடை ஒரே மட்டமாக இருக்கட்டும் என்று வீட்டார் விரும்பினால், கிரானைட்டில் பதிக்கும் ஹாப் அடுப்பு வாங்கலாம், அது மேடைக்கு மேலே அதிகம் நிற்காது. சிங்க்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்விளிம்புக்கு நகர்த்தினால் குனிவது குறையும். இரண்டு பேர் மாறி மாறிச் சமைக்கும் வீட்டில் அதிக நேரம் நிற்பவரின் அளவை எடுங்கள்.

கொத்தனாரிடம் உயரம் சொல்லும்போது ஒன்றை மறக்காதீர்கள். மேடை கட்டும் நேரத்தில் தரை டைல்ஸ் போட்டிருக்காது. கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை இரண்டரை அங்குலம் உயரும். வெறும் தரையிலிருந்து 33 அளந்து கட்டினால், குடிவந்த பிறகு கிடைப்பது முப்பதரை. முடிந்த தரை எங்கே வரும் என்று நான்கு சுவரிலும் ட்யூப் மட்டம் வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். மேடை, சிங்க் ஓட்டை, சிம்னி ஓட்டை மூன்றையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும், கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள். சிங்க்கை அடைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பித் திறந்துவிடுங்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு வேகமாக இறங்க வேண்டும், கீழே எந்த இணைப்பிலும் கசிவு கூடாது. கடைசியில் களக் களக் என்று சத்தம் பெரிதாகக் கேட்டால், டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் குழாய் சேர்த்து இழுக்கிறது. காற்றுப் போக்குக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். அடுத்து, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுப்பை எரிய விடாமல், ஓர் ஊதுபத்தியை அதன் அருகே பிடியுங்கள். புகை நேராக மேலே ஏறினால் சரி. பக்கவாட்டில் அலைந்தால் சமையலறைக் கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். திறந்ததும் சரியானால் உள்ளே வரும் காற்று போதவில்லை என்று பொருள், கதவுக்கு அடியில் ஓர் அங்குல இடைவெளி விட்டால் தீரும். திறந்தும் சரியாகவில்லையென்றால் ஆள் போகும் முன்பே ஏணி போட்டு டக்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.